நாலு வயது மகளிடம் வயிற்றுப் பிள்ளையைப் பற்றி எப்படிச் சொல்வது?

கேள்வி: எனக்கு இப்ப ஆறாம் மாசம். மூத்தவளுக்கு நாலு வயசு. முதல் பிள்ளை சிசேரியன், இதுவும் அப்படித்தான் இருக்கும், தைப்பொங்கல் கழிஞ்சு திகதி தருவாங்க எண்டு சொல்லியிருக்கிறாங்க. அவர் கட்டார்ல. அம்மா பக்கத்து வீட்டுலதான் இருக்கிறா. மகளிட்ட இன்னும் ஒண்டும் சொல்லேல்ல. வாற ஆக்கள் “தம்பி வந்தா அம்மா உன்னப் பாக்க மாட்டா” எண்டு சொல்லிச் சிரிக்கிறாங்க. அவளுக்கு எப்ப, எப்படிச் சொல்றது? பபா எப்படி வயித்துக்குள்ள வந்த எண்டு கேட்டா என்ன சொல்றது? (களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தாய்)

தங்கச்சி, உங்கள் மகளுக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும். வந்து போகிறவர்கள் அவள் முன்னாலேயே கதைத்துவிட்டார்கள். அம்மாவின் வயிறு பெரிதாவதை அவளே பார்க்கிறாள். எல்லோரும் கதைக்கும் ஒன்றை அம்மா மட்டும் கதைக்காமல் இருப்பதுதான் அவளுக்குப் புரியாமல் இருக்கும். அதனால் நாளைக்கு என்று தள்ள வேண்டாம், இன்றைக்கே சொல்லுங்கள். முதல் மூன்று மாதம் சொல்லாமல் வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. கரு கலைவதில் பெரும்பகுதி அந்தக் காலத்தில்தான் நடக்கிறது; அப்படி நடந்தால் சின்னப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். நீங்கள் அந்தக் கட்டத்தைக் கடந்து வெகுநாளாகிவிட்டது.

நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் குடும்பநல உத்தியோகத்தராக, நம் ஆக்கள் சொல்வதுபோல் மிட்வைஃபாக, நீண்ட காலம் வேலை செய்தவள். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கர்ப்பிணித் தாய்மாரை வீட்டில் போய்ப் பார்ப்பதுதான் என் வேலையின் பெரும்பகுதி. உளவளத்துணையாளர் அல்ல. கீழே சொல்வது அந்த வீடுகளில் கண்டதும், தாய் சேய் நலப் பயிற்சியில் கற்றதும்தான். அதில் நான் முக்கியமாகப் பிடித்துக்கொள்வது ஒன்று. நாலு வயதுப் பிள்ளையை வரப்போகும் குழந்தைக்காகத் தயார்ப்படுத்துவதை விட, அம்மா இல்லாத அந்த மூன்று நாலு இரவுகளுக்காகத் தயார்ப்படுத்துவது கூட முக்கியம். “தம்பி தங்கச்சி” என்பது அந்த வயதில் வெறும் சொல். ராத்திரி யாரோடு படுப்பது, காலையில் யார் தலை பின்னுவது என்பதுதான் பிள்ளைக்குப் பெரிய விஷயம்.

முதலில் சொல்லும் விதம். அவளும் நீங்களும் மட்டும் இருக்கும் நேரமாகப் பாருங்கள். குளிக்க வார்க்கும்போது, தலை இழுக்கும்போது, பாயில் படுத்திருக்கும்போது, எதுவும் சரி. “அம்மாட வயித்துக்குள்ள ஒரு பபா வளருது. நீயும் இப்படித்தான் அம்மாவுக்குள்ள இருந்து வந்தனீ. பொங்கல் கழிஞ்சு வரும்.” இவ்வளவு போதும். அவள் “ம்” என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டால் கவலைப்பட வேண்டாம். இரண்டு நாள் கழித்துச் சோறு தின்னும்போது திடீரென்று ஒரு கேள்வி வரும். அப்போது அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள், அதற்கு மேலே போக வேண்டாம். தகப்பனும் அன்றைக்கோ மறுநாளோ வீடியோ கோலில் அதே விஷயத்தை அவளோடு கதைக்கட்டும். அவர் கேட்க வேண்டியது “தம்பியா தங்கச்சியா வேணும்?” என்பதல்ல. அப்படிக் கேட்டால் அவள் ஒன்றைச் சொல்வாள், மற்றது பிறந்தால் தான் கேட்டது கிடைக்கவில்லை என்று நினைப்பாள். “இண்டைக்கு என்ன விளையாட்டு விளையாடினனீ?” என்று அவளைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும்.

“தை மாசம்” என்றால் நாலு வயதுக்கு அது எவ்வளவு தூரம் என்று விளங்காது. நாளைக்கா என்று தினமும் கேட்பாள். அவளுக்குத் தெரிந்த நாட்களை வரிசையாகச் சொல்லுங்கள்: முதல் தீபாவளி வரும், பிறகு பெரிய மழை வரும், பிறகு நத்தார் நட்சத்திரம் தொங்கவிடுவார்கள், பிறகு பொங்கல், அதுக்குப் பிறகுதான் பபா. ஒவ்வொன்றும் கழியும்போது அவளே அடுத்தது என்ன என்று சொல்வாள். திகதியை மட்டும் சத்தியம்போலச் சொல்லாதீர்கள். சிசேரியனுக்கு நாள் குறித்துத் தந்தாலும் வலி முந்தி வரலாம்.

அடுத்தது, குழந்தை எங்கே இருக்கிறது என்பது. “வயித்துக்குள்ள” என்று நாமெல்லாம் சொல்கிறோம். சோறு போவதும் வயிற்றுக்குத்தான் என்பது பிள்ளைக்குத் தெரியும். ஒரு வீட்டில் நாலு வயதுப் பெண் பிள்ளை இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று தாய் சொன்னார். நிறை குறைந்திருந்தது, காய்ச்சல் இல்லை, பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று. பிள்ளையிடம் மெதுவாகக் கதைத்தபோதுதான் தெரிந்தது: “அம்மா நல்லாச் சாப்பிட்டுத்தான் பபா வந்த” என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தானும் சாப்பிட்டால் தன் வயிறும் வீங்கி உள்ளே ஒரு பபா வந்துவிடும் என்று அந்தப் பிள்ளை பயந்திருக்கிறது. “சாப்பாடு போற இடம் வேற, பபா வளர்ற பை வேற, அந்தப் பைக்குப் பேர் கருப்பை, பெரிய ஆக்களுக்கு மட்டும்தான் அதுல பபா வளரும்” என்று தாய் சொன்ன பிறகு சில நாளில் சாப்பாடு பழையபடி ஆனது. ஆகவே முதல் நாளே அந்த இரண்டும் வேறு வேறு இடம் என்று சொல்லிவிடுங்கள்.

எப்படி உள்ளே வந்தது என்று நாலு வயதில் கேட்டால், அது பெரியவர்கள் பயப்படும் கேள்வி அல்ல. “அம்மாட்ட இருந்து ஒரு சின்ன விதை, அப்பாட்ட இருந்து ஒரு சின்ன விதை, ரெண்டும் சேர்ந்து பபாவா வளருது” என்றால் அந்த வயதுக்கு முழுப் பதில். எப்படி வெளியே வரும் என்று கேட்டால், உங்கள் விஷயத்தில் உண்மையையே சொல்லலாம்: “டொக்டர் அம்மாவுக்கு நோகாம இருக்க மருந்து தந்து, வயித்துல சின்னதா வெட்டி, பபாவ எடுத்துட்டு, திரும்பத் தைச்சு விடுவார். நீயும் அப்படித்தான் வந்தனீ.” தழும்பைக் காட்டலாம். இரத்தம், ஊசி, தியேட்டர் என்றெல்லாம் விரிக்க வேண்டாம். “ஆஸ்பத்திரியில வாங்கிட்டு வாறம்” என்ற பொய்யை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அப்படிச் சொன்ன வீடுகளில், திரும்பக் கொண்டுபோய்க் குடுங்க என்று அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு நாம்தான் அப்படி ஒரு வழியைக் காட்டிக் கொடுத்தோம். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை என்றால் இந்த விளக்கம் எதுவும் ஏறாது. கடைசி ஓரிரு மாதத்தில் வயிற்றைத் தொட்டுக் காட்டி “பபா” என்று சொன்னால் போதும். ஏழு எட்டு வயது என்றால் நேராகவே, சரியான சொற்களோடு, பள்ளிக்கூடத்தில் வேறு பிள்ளைகள் சொல்லும் முன்பே சொல்லிவிட வேண்டும். அந்த வயது ரகசியம் வைக்கப்பட்டதை மறக்காது.

வயிற்றில் கை வைத்து அசைவு பார்க்க விடுங்கள். ஆறாம் மாதத்தில் வெளியே இருந்து கைக்குத் தெரியத் தொடங்கும், ஆனால் அவள் கை வைக்கும் நேரத்திலேயே அசையும் என்று சொல்ல முடியாது. “இப்ப நித்திரை போல” என்று சொல்லி விடுங்கள். இந்த மாதங்களில் வயிற்றுப் பிள்ளைக்குக் காது கேட்கத் தொடங்குகிறது என்பதும் உண்மைதான், ஆகவே அவள் பாட்டுப் பாடினால் பாடட்டும். ஆனால் வந்தவுடன் விளையாடலாம் என்று யாரும் ஆசை காட்டக் கூடாது. பிறந்த குழந்தை ஒரு நாளில் பதினாறு மணி நேரம் அளவில் நித்திரை கொள்ளும், எட்டுத் தொடக்கம் பன்னிரண்டு தடவை பால் குடிக்கும், மிச்ச நேரம் அழும். முகம் பார்த்துச் சிரிக்கவே ஆறு கிழமை போகும். இதையெல்லாம் அவளிடம் முன்பே சொல்லுங்கள். அயலில் பச்சைக் குழந்தை உள்ள வீடு இருந்தால் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அவளுடைய பிள்ளைக் கார்ட்டையும் பழைய படங்களையும் எடுத்து, பிறந்தபோது இவ்வளவு நிறை, இப்படித்தான் நீயும் அழுதனீ என்று காட்டினால் அவளுக்கு அது தன் கதையாகிவிடும்.

சரி, இனி ஆஸ்பத்திரி இரவுகள். நாள் குறித்த சிசேரியன் என்றால் பெரும்பாலும் ஒரு நாள் முன்பே வாட்டுக்கு வரச் சொல்வார்கள். பிறகு எல்லாம் நல்லபடி நடந்தால் இரண்டு மூன்று நாள். குழந்தைக்கு மஞ்சள் இருந்தாலோ காயத்தில் பிரச்சினை இருந்தாலோ கூடும். ஆகவே அவளிடம் “நாலு ராத்திரி, சில நேரம் இன்னும் கொஞ்சம் கூட” என்று சொல்லுங்கள். இரண்டு என்று சொல்லிவிட்டு ஐந்து ஆனால் அது அவளுக்கு ஏமாற்றமாகிவிடும். பல அரச வைத்தியசாலைகளில் சின்னப் பிள்ளைகளைப் பிரசவ வாட்டுக்குள் விட மாட்டார்கள். கிளினிக்குக்குப் போகும்போது இதை இப்போதே கேட்டு வையுங்கள். விட மாட்டார்கள் என்றால் அதையும் அவளிடம் சொல்லிவிட வேண்டும். “நாளைக்கு அம்மாட்டக் கூட்டிப் போறன்” என்று அம்மம்மா பாவம் பார்த்துச் சொல்லிவிட்டால் அடுத்த நாள் அழுகை இரட்டிப்பாகும்.

நம் மட்டக்களப்புப் பக்கத்தில் பெண் பிள்ளைக்குத் தாய்வீட்டுக்குப் பக்கத்திலேயே வீடு கொடுப்பது வழக்கம் என்பதால் உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. அம்மம்மா அவளுக்குப் புது ஆள் இல்லை. ஆனால் பகலில் அம்மம்மாவோடு இருப்பதும் ராத்திரி அம்மா இல்லாமல் படுப்பதும் ஒன்றல்ல. கார்த்திகை முதலே கிழமையில் ஒரு இரவு ஒத்திகை பாருங்கள். அம்மம்மாவை உங்கள் வீட்டுக்கு வந்து படுக்கச் சொல்லுங்கள், அவளை அங்கே அனுப்ப வேண்டாம். தன் பாய், தன் தலையணை, தன் சத்தங்கள் மாறாமல் இருக்கட்டும். முதல் தடவை நீங்கள் அடுத்த அறையில் இருங்கள். மூன்றாவது நாலாவது தடவை நீங்கள் அம்மாவின் வீட்டில் போய்ப் படுங்கள். கடும் மழைக்காலத்தில் மகளைத் தூக்கிக்கொண்டு வீடு மாறும் கஷ்டமும் இதில் இல்லை. அதே நேரம் சோறு ஊட்டுவது, குளிக்க வார்ப்பது, தலை பின்னுவது என்று ஒவ்வொன்றாக அம்மம்மாவின் கைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். தை மாதம் எல்லாம் ஒரே நாளில் மாறினால் அதற்குக் காரணம் பபாதான் என்று அவள் முடிவு கட்டிவிடுவாள்.

போகும் நாளுக்கு இரண்டு கதை வேண்டும். ஒன்று, குறித்த நாளில் போவது. விடியற்காலையில் அவள் நித்திரையாக இருக்கும்போது களவாகப் போகாதீர்கள். எழுப்பி, மடியில் வைத்து, “இண்டைக்குத்தான் அம்மா பபா எடுக்கப் போற நாள். நாலு ராத்திரி அம்மம்மா உன்னோட. பின்னேரம் போனில் கதைக்கிறன்” என்று சொல்லுங்கள். அழுவாள். அழட்டும், அந்த அழுகை சரியானது. சொல்லாமல் போனால் அந்த நேரத்து அழுகை இருக்காதுதான், ஆனால் பிறகு பல நாட்களுக்கு நீங்கள் கிணற்றடிக்குப் போனாலும் பின்னால் வருவாள். மற்றது, திடீரென்று ராத்திரி வலி வந்தால் போவது. முதல் பிள்ளை சிசேரியன் என்பதால் வலி தொடங்கினால் நீங்கள் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, பழைய தையல் இடம் இருக்கிறது, உடனே போக வேண்டும். ஆகவே மார்கழியிலேயே அவளிடம் சொல்லி வையுங்கள்: “சில நேரம் நீ நித்திரையா இருக்கேக்க அம்மா போக வேண்டி வரும். நீ எழும்பிப் பாக்கேக்க அம்மம்மா பக்கத்துல படுத்திருப்பா.” இந்த ஒரு வசனத்தைப் பல தடவை சொல்லுங்கள். நீங்கள் உடுத்திக் கழற்றிய ஒரு சட்டையைத் துவைக்காமல் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுப் போங்கள், உங்கள் வாசம் அதில் இருக்கும். கலண்டரில் ஒவ்வொரு இரவு கழியவும் ஒரு புள்ளி வைக்க அம்மம்மாவிடம் சொல்லுங்கள். போனில் கதைக்கும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடினால் மனம் உடைய வேண்டாம். நாலு வயதில் கோபமும் ஏக்கமும் ஒன்றாகத்தான் வரும்.

வீடு வரும்போது குழந்தை வேறொருவர் கையில் இருக்கட்டும். உங்கள் கை இரண்டும் அவளுக்குக் காலியாக இருக்க வேண்டும். ஆனால் தூக்க முடியாது. சிசேரியனுக்குப் பிறகு ஆறு கிழமை அளவுக்குக் குழந்தையை விடப் பாரமான எதையும் தூக்க வேண்டாம் என்று சொல்வார்கள், உங்கள் மகளுக்கு அதைப்போல நாலைந்து மடங்கு நிறை இருக்கும். அதனால் இப்போதிருந்தே பழக்கம் ஒன்றை மாற்றுங்கள்: நீங்கள் இருந்துகொள்ள, அவளே வந்து பக்கத்தில் சாய்ந்து கட்டிப்பிடிப்பது. தூக்கச் சொல்லி அழும்போது “தம்பி இருக்கிறான், உன்னத் தூக்கேலா” என்று சொல்லாதீர்கள். “அம்மாட வயித்துல காயம், ஆறினதும் தூக்குவன்” என்று சொல்லுங்கள். காயத்தின் மேல் வரும் கோபம் காயம் ஆறினால் போய்விடும்.

பத்தியமும் முப்பத்தொரு நாள் துடக்கும் பார்க்கிற வீடு என்றால் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் நான் கை வைக்கவில்லை. ஆனால் “அறைக்குள்ள வராத, தொடாத” என்று மூத்த பிள்ளையை வாசலில் நிறுத்துவதற்கு ஒரு தேவையும் இல்லை. அவளுக்குத் தடிமன், இருமல், காய்ச்சல் இருந்தால் மட்டும் குழந்தையில் இருந்து தள்ளி வைக்க வேண்டும். மற்ற நாட்களில் கை கழுவிவிட்டு உள்ளே வரட்டும், நீங்கள் பால் கொடுக்கும்போது பக்கத்தில் இருந்து தன் கொப்பியில் கீறட்டும். அதோடு ஒரு கண்டிப்பு: ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைப் பச்சைக் குழந்தையோடு ஒரு நிமிடமும் தனியாக விடக் கூடாது. பொறாமை இல்லாத பிள்ளைக்கும் இது பொருந்தும். ஆசையிலேயே ஏணையை வேகமாக ஆட்டிவிடுவார்கள், அழுகிறதே என்று வாயில் பிஸ்கட் வைத்துவிடுவார்கள்.

வருகிறவர்களின் பகிடிக்கு வருகிறேன். “அம்மா உன்னப் பாக்க மாட்டா” என்பது பெரியவர்களுக்குச் சிரிப்பு, நாலு வயதுக்கு அது செய்தி. அந்த வயதில் பகிடி என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. சொன்னவர் மாமியாக இருந்தாலும் சரி, பெரியம்மாவாக இருந்தாலும் சரி, மரியாதை கெடாமல் அந்த இடத்திலேயே, அவள் காதில் விழும்படி மகளைப் பார்த்துச் சொல்லுங்கள்: “இல்ல புள்ள, மாமி பகிடிக்குச் சொல்றா. பபா வந்தாலும் அம்மா உன்னப் பாப்பன்.” பிறகு தனியாக அவர்களிடமும் சொல்லலாம். மாமிமாரிடம் மருமகள் சொல்வது கஷ்டம் என்று எனக்குத் தெரியும்; உங்கள் கணவர் கட்டாரில் இருந்து ஒரு கோல் எடுத்துச் சொன்னால் எளிதாக முடியும். “இனி நீ பெரிய பிள்ள” என்பதும் அதே வகைதான். அவள் நாலு வயதுப் பிள்ளை, தையிலும் நாலு வயதுப் பிள்ளையாகத்தான் இருப்பாள்.

நேர்சரி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் சொல்ல வேண்டும். அவள் இன்னும் போகவில்லை என்றால், தை மாதம் புது வருடத்தோடு சேர்த்துவிடலாம் என்று நினைத்திருப்பீர்கள். குழந்தை வரும் மாதமும் அதே மாதம். பபா வந்தது, என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள் என்றுதான் அது அவளுக்குத் தெரியும். முடிந்தால் இப்போதே ரீச்சரிடம் கதைத்து இந்த வருடத்தின் கடைசிக் கிழமைகளில் சில நாள் கொண்டுபோய் இருக்க விட்டுப் பழக்குங்கள். இல்லாவிட்டால் மாசி கழிந்து பங்குனியில் விடுங்கள். தனிப் பாயில் படுக்கப் பழக்குவது, போத்தலை நிறுத்துவது எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான்: பிறப்புக்கு இரண்டு மாதமாவது முன்னால், அல்லது நன்றாகப் பின்னால்.

இவ்வளவும் செய்தால் பொறாமை வராதா என்றால், அப்படி உறுதி தர முடியாது. பிள்ளையின் சுபாவமும் சேர்ந்துதான் தீர்மானிக்கும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிரெண்டா வொலிங் என்பவரின் குழு 241 குடும்பங்களைக் கர்ப்ப காலத்தில் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்து பார்த்தது. பெரும்பாலான மூத்த பிள்ளைகள் பெரிய பாதிப்பில்லாமல் ஒத்துப்போனார்கள் என்பதுதான் அவர்கள் கண்டது. அதற்கும் முன்னால் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜூடி டன், கரோல் கென்ட்ரிக் இருவரும் 40 குடும்பங்களைப் பார்த்தார்கள். குழந்தையை ஒரு ஆளாக நினைத்து, “பபாவுக்கு இப்ப என்ன வேணும் எண்டு நினைக்கிற?” என்று மூத்த பிள்ளையோடு சேர்ந்து கதைத்த தாய்மாரின் வீடுகளில் சகோதரர்கள் பிறகும் கூடுதல் நேசமாக இருந்தார்கள். அவை வேறு நாட்டு வீடுகள். இருந்தாலும் இந்த இரண்டாவது விஷயம் நம் வீடுகளில் நான் கண்டதோடு ஒத்துப்போகிறது. அப்படிக் கதைப்பதற்குக் காசும் தேவையில்லை, நேரமும் தேவையில்லை.

பிறந்து சில கிழமைகளுக்கு அவள் திரும்பப் படுக்கையில் மூத்திரம் பெய்யலாம், மழலை கதைக்கலாம், பால் கேட்கலாம், ஊட்டிவிடச் சொல்லலாம். இது கெட்ட பழக்கம் அல்ல, அடிக்கவோ ஏசவோ வேண்டாம். கேட்டதைக் கொஞ்சம் கொடுத்தால் பெரும்பாலும் சில கிழமையில் இருந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் தானாகக் குறையும். ஆனால் எல்லாவற்றையும் பொறாமை என்று விட்டுவிடவும் கூடாது. மூத்திரம் போகும்போது எரியுது என்றால், காய்ச்சலும் சேர்ந்திருந்தால், அடிக்கடி தண்ணீர் குடித்து அடிக்கடி மூத்திரம் போனால், அது வருத்தமாக இருக்கலாம், டொக்டரிடம் காட்டி மூத்திரம் சோதிக்க வேண்டும். சாப்பாடு குறைந்து நிறை இறங்கினாலும், குழந்தைக்குத் திரும்பத் திரும்ப நோவுபடுத்தினாலும், மூன்று மாதத்துக்குப் பிறகும் யாரோடும் சேராமல் ஒதுங்கியே இருந்தாலும் உங்கள் பகுதி மிட்வைஃபிடம் சொல்லுங்கள். பிரசவம் முடிந்த முதல் பத்து நாளுக்குள் அவர் எப்படியும் குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வருவார். அப்போது மூத்தவளைப் பற்றியும் நீங்களே கதையைத் தொடங்குங்கள். உங்களுக்கே காரணமில்லாமல் அழுகை வந்தாலும், நித்திரை வராமல் போனாலும், மகளைக் கண்டாலே எரிச்சலாக இருந்தாலும் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கணவர் தூரத்தில் இருக்கும் தாய்மாரிடம் நான் இதைக் குறிப்பாகக் கேட்பேன்.